ஐந்து அரை டிரம் மண்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி உண்டு. பால்காரர் ஊற்றிய பாலை அவர் எதிரிலேயே விரலில் தொட்டுச் சொட்டு விட்டுப் பார்ப்பேன். பரீட்சைத் தாள் கட்டை நானே எண்ணினாலும், இன்னொரு டீச்சரை விட்டு ஒரு தடவை எண்ணச் சொல்வேன். என் கணவர், "நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தது தப்பு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கணும்" என்பார். அந்தப் புத்தியால் எனக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டக் கணக்கில் முதலில் வருவது திருக்கோகர்ணத்து வீட்டுப் பால்கனிதான்.

சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். என் கணவர் ரோடு போடும் டிபார்ட்மெண்டில் ஸ்டோர் கிளார்க். மாதத்தில் பாதி நாள் கேம்ப் என்று போய்விடுவார். திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் சமஸ்தானக் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு காகிதத்தை வாங்கினால் முன்பக்கம் படித்துவிட்டுப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார். சந்தேகத்தில் எனக்கு அண்ணன் என்றே சொல்லலாம். அந்த அம்மாளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் வராமல் போய்விட்டது. வாய் மட்டும் நன்றாக இருந்தது. மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து வாசலில் கொண்டுவந்து போடுவார்கள். விளக்கு வைக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தெருவுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

அந்த நாற்காலிக்கு நேர் மேலே எங்கள் பால்கனி. பன்னிரண்டடி நீளம், மூன்றரை அடி அகலம். கீழே தூண் கிடையாது. சுவரிலிருந்து அப்படியே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தெருவில் அப்படி ஒன்று வேறு யார் வீட்டிலும் இல்லை. சிமெண்டுக்குப் பர்மிட், கம்பிக்குப் பர்மிட் என்று நடையாய் நடந்து, கொத்தனார் பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கட்டியதாக வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மண்ணைத் தொடாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் அப்பா வீடு ஆவூரில். கொல்லையில் எதையாவது ஊன்றிக்கொண்டே வளர்ந்தவள் நான். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? என் கணவர் டிபார்ட்மெண்ட் ஏலத்தில் காலித் தார் டிரம் மூன்று எடுத்துவந்தார். பட்டறையில் கொடுத்து நடுவில் அறுத்து ஆறு தொட்டி ஆக்கினோம். ஒன்றில் துரு தின்று ஓட்டை விழுந்திருந்ததால் ஐந்துதான் தேறியது. ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம், இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத அகலம். அடியில் நாலைந்து துளை போட்டுக் கொடுத்தார்கள். கண்மாய் வண்டல் ஒரு வண்டி அடித்து, கொஞ்சம் செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து விளிம்புவரை நிரப்பினேன். கைப்பிடிக் கம்பியை ஒட்டி வரிசையாக ஐந்தையும் நிறுத்தினேன். அவரை, புடலை, தக்காளி, இரண்டு தொட்டியில் மல்லிகை. புடலங்காய் கம்பிக்கு வெளியே தெருப்பக்கம் தொங்கும். நுனியில் கல்லைக் கட்டிவிடுவேன். போகிற வருகிற எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் தகராறு தண்ணீரால் வந்தது. காலையும் சாயங்காலமும் கிணற்றுத் தண்ணீர் தூக்கிவந்து தொட்டிக்கு ஒரு குடம் ஊற்றுவேன். அது மண்ணில் இறங்கித் துளை வழியாக வெளியேறி, பால்கனி ஓரமாகச் சொட்டும். ஒருநாள் வீட்டுக்காரர் ஏதோ காரியமாகத் திருவரங்குளத்துக்குக் கிளம்பி வாசல்படி இறங்கினார். சேற்றுத் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. கிளம்புகிற நேரத்தில் தலையில் அழுக்குத் தண்ணீர் என்று திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் அந்த அம்மாள் மடியில் சொட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்காக இவர் சொன்னார். இரண்டு நாள் முறைப்பு நீடித்தது. கேம்பிலிருந்து வந்த என் கணவர், "இது ஒரு பிரமாதமா?" என்று சொல்லி, தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, சாக்குத் துணியைத் தாரில் தோய்த்து அடியில் இருந்த துளைகளை எல்லாம் அடைத்து மேலே சிமெண்டும் பூசிவிட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு கீழே விழவில்லை. நாங்கள் இருவரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோம். ஊற்றிய தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கும் தோன்றவில்லை, ஸ்டோரில் சரக்கு இருப்புப் பார்க்கும் அவருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் நின்றதும் வீட்டுக்காரர் வேறு பல்லவியை ஆரம்பித்தார். மாடி பாரம் தாங்காது, தொட்டியைக் குறையுங்கள் என்றார். ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சுவரை ஒட்டி வையுங்கள், மற்றதைக் கொல்லைக்கு இறக்கிவிடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பேங்க் ஏஜெண்டு வீடு தேடிக்கொண்டு வந்து, இவரோடு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசிவிட்டு, போகும்போது மாடியை அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்திருந்தேன். எங்களைக் கிளப்பிவிட்டு அவருக்கு விடப் பார்க்கிறார், அதற்கு இது ஒரு சாக்கு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

நான் நேராகவே கேட்டேன். மாடியில் உள்ளே கூடத்தில் நெல்லுக் குதிர் இருக்கிறது, பீரோ இருக்கிறது, அந்தத் தளம் தாங்குகிறதே, அதே சிமெண்டு, அதே கம்பிதானே இதுவும்? போன வருஷம் சாமி ஊர்வலம் வந்தபோது உங்கள் வீட்டு உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இதே பால்கனியில் நின்று பார்க்கவில்லையா? அப்போது தாங்கியது இப்போது ஏன் தாங்காது? அவர் கண் வேறு பக்கம் போயிற்று.

"அது வேற, இது வேற டீச்சர். சொன்னாக் கேளுங்க" என்றார்.

எப்படி வேறு என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதில் சொல்லாமல் நழுவுகிற பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறவள். பொய் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையில் அவர் சொன்னது சரி. நான்கு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் கூடத்துத் தளம் வேறு. ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் தளம் வேறு. சாமி பார்க்க வந்த ஆட்கள் பத்து நிமிஷத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். மண் போகாது; இராப்பகலாக அங்கேயே நிற்கும், அதுவும் சுவரிலிருந்து தள்ளி, ஓரத்தில். இதையெல்லாம் அவர் ஒரு கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது கடைசி நாளில்தான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மழைத் தண்ணீரும் தொட்டியில் தேங்கியது. அவரை இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மல்லிகை தலை தொங்கிற்று. எனக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்த மனுஷர் நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஏறிவந்து வெந்நீரோ மண்ணெண்ணெயோ ஊற்றுகிறார் என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை இல்லை. அழுகல் வாசனைதான் வந்தது. வேர் மூச்சு விட முடியாமல் அழுகுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. செடி வாடுகிறதே என்று மழை விட்ட நாளில் ஒரு குடத்துக்கு இரண்டு குடமாக ஊற்ற ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் திட்டைப் பார்த்தேன். பால்கனியின் கிழக்கு ஓரத்தில், சுவரும் தரையும் சேரும் மூலையில், நாலணாக் காசு அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்தது போல. பக்கத்தில் பென்சிலால் அன்றைய தேதி. என் கையெழுத்து இல்லை. என் கணவர் கேம்பில். வாசல் கதவுக்கு நான் பூட்டுப் போட்டுச் சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். அப்படியென்றால் இன்னொரு சாவி இருக்கிறது என்று பயந்துபோனேன். பயத்தோடு கோபமும் வந்தது. தேங்காய் நாரால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டேன். திட்டு பெயர்ந்து வந்தது. அடியில் சுவரோரமாக ஒரு மெல்லிய கோடு நீளமாக ஓடியது தெரிந்தது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் கோடு இருக்காதா என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகுமுன் அடுப்புச் சாம்பலைச் சலித்து வாசற்கதவுக்கு உட்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் தூவிவிட்டுப் போனேன். நாலு நாள் தூவினேன். சாம்பலில் ஓர் ஈ உட்கார்ந்த அடையாளம்கூட இல்லை. ஐந்தாம் நாளும் சாம்பல் கலையவில்லை; ஆனால் பால்கனியில் அதே மூலையில் புதுத் திட்டு, புதுத் தேதி. கதவைத் திறக்காமல் உள்ளே வந்து போகிறார் என்றால் இது வெறும் குடக்கூலித் தகராறு இல்லை, செய்வினைதான் என்று நினைத்தேன். மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு அந்தத் திட்டையும் தேய்த்துக் கழுவினேன். இந்தத் தடவை உப்புப் போட்டுக் கழுவினேன்.

உண்மை என்னவென்றால் அவர் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். சுவரோரம் ஏணியைச் சாத்தி, கம்பிக்கு ஊடே கையை விட்டு, எட்டிய மூலையில் பூசியிருக்கிறார். பால்கனியில் கால் வைக்க அவருக்குப் பயம். விரிசல் விட்ட இடத்தில் குறுக்கே அப்படி ஒரு திட்டு வைத்தால், விரிசல் பெரிதாகும்போது திட்டும் பிளந்து காட்டிக்கொடுக்கும். பழைய விரிசலா, வளர்கிற விரிசலா என்று கண்டுபிடிக்கக் கொத்தனார்கள் செய்கிற வேலை அது. அவர் வைக்க வைக்க நான் கழுவினேன். நான் தண்ணீர் ஊற்றி அவர் வீட்டை இடிக்கப் பார்ப்பதாகவும், சாட்சியைத் தெரிந்தே அழிப்பதாகவும் அவர் நினைத்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நாலு நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்து ஏமாற்றிவிடுவேன் என்றும் நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மூன்றாவது திட்டை நான் கழுவவில்லை. கேம்பிலிருந்து கணவர் வந்ததும் காட்டுவதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. சாயங்காலம் வாசலில் நாற்காலி வருவது நின்றுபோயிற்று. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கீழ்வீட்டுக்குள் போனேன். அந்த அம்மாள் உள்ளறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே வாசலுக்குப் போக வேணாம்னுட்டாக" என்றார். "எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக."

அந்த அம்மாள் என்மேல் பிரியமாக இருப்பவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் நான் நின்று இரண்டு வார்த்தை பேசுவேன், புடலங்காய் கொடுப்பேன். அந்தப் பேச்சு பிடிக்காமல்தான் இந்த மனுஷர் மனைவியைச் சிறை வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. என்மேல் உள்ள கோபத்தை எழுந்து நடக்க முடியாத ஒரு பெண்மேல் காட்டுவதா? வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. யாரையோ பார்க்கச் சைக்கிள் ரிக்ஷாவில் போயிருக்கிறார் என்று வேலைக்காரப் பெண் சொன்னாள். நாற்காலிக்கு ஒரு பக்கம் பிடி என்று அவளிடம் சொன்னேன்.

அவள் தயங்கினாள். "ஐயா வெளிய வைக்கவே கூடாதுன்னு சொல்லிருக்காக டீச்சரம்மா."

"வேணாம் டீச்சர், அவுக கோவிச்சுக்குவாக" என்றார் அந்த அம்மாளும்.

நான் கேட்கவில்லை. அவர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேருமாக நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்து வழக்கமான இடத்தில் போட்டோம். தெருவைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி வளர்ந்துவிட்டதே என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு நான் மாடி ஏறினேன். வேலைக்காரப் பெண் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க வெயில் அடித்திருந்தது. செடிகள் துவண்டு கிடந்தன. இரண்டு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். மேற்கு ஓரத்துத் தொட்டியில் ஆரம்பித்தேன். மண் தண்ணீரைக் குடிக்கவில்லை. மேலேயே குளம் கட்டி நின்றது. அடுத்தது, அடுத்தது என்று ஊற்றிக்கொண்டு வந்தேன். குடம் தீரத் தீர மறுபடி நிரப்பிவந்தேன். கடைசித் தொட்டிக்கு ஊற்றக் கிழக்கு மூலைக்கு வந்தபோது அந்தத் திட்டு கண்ணில் பட்டது. இருக்கட்டும், அவர் வரட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே குடத்தைச் சாய்த்தேன்.

திட்டின் நடுவில் ஒரு முடி அளவு கறுப்புக் கோடு விழுந்தது.

முதலில் எறும்பு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க அந்த முடி நூலாயிற்று. திட்டின் ஒரு பாதி சுவரில் நின்றது; மறு பாதி தரையோடு விலகியிருந்தது. அடுப்பில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது. திட்டு என்னவென்று அந்த நிமிஷத்தில் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. வாசலில் நாற்காலி ஏன் வருவதில்லை என்பதும் புரிந்துவிட்டது.

குடத்தை அங்கே வைக்கக்கூடப் பயந்து, கையில் பிடித்தபடியே பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக வைத்து அறைக்குள் வந்தேன். அப்புறம் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நாற்காலியின் பின்பக்கச் சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேர் தூக்கிய நாற்காலி ஒருத்திக்கு நகரவில்லை. அந்த அம்மாள், "என்னாச்சு டீச்சர், இப்பத்தானே வந்தேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்காலியின் கால் வாசற்கல்லில் தட்டி நின்றது. நான் அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து அவரை மட்டும் இழுத்தேன். வராத காலும் வருகிற காலும் தரையில் இழுபட, கூடத்துக்குள் கொண்டுவந்து கிடத்தினேன். அவர் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்காரர் ரிக்ஷாவில் வந்து இறங்கியபோது கூடவே ஒரு கொத்தனார் வந்தார். பின்னால் ஒரு மாட்டுவண்டியில் சவுக்குக் கம்பும் பலகையும். பால்கனிக்கு முட்டுக் கொடுக்கத்தான் அவர் அன்று ஆள் தேடிப் போயிருக்கிறார். வாசலில் காலி நாற்காலி கிடந்ததைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஓடிவந்து மனைவியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொத்தனார் வேலையைக் கவனித்தார். பால்கனியில் யாரையும் ஏறவிடவில்லை. கீழே தரையில் பலகை போட்டு, ஓரத்துக்கு நேர் கீழே வரிசையாகச் சவுக்குக் கம்புகளை நிறுத்தி, மேலேயும் நீளமாக ஒரு பலகை கொடுத்து, அடியில் ஆப்புகளை மெல்ல மெல்ல இறுக்கினார். ஒரே இடத்தில் அடித்தால் தூக்கிவிட்டு இன்னும் உடையும் என்று சொல்லி, ஒவ்வோர் ஆப்பாக மாற்றி மாற்றித் தட்டினார். பளு கம்புகளில் இறங்கிவிட்டது என்று திருப்தியான பிறகுதான் இரண்டு ஆட்களை மேலே அனுப்பினார். ஒரு தொட்டியையே காலி செய்துகொண்டிருக்காமல், ஐந்திலும் மாற்றி மாற்றி அள்ளச் சொன்னார். மண்ணெண்ணெய் டின்னில் அள்ளி அறை வழியாக இறக்கினார்கள். மண் வரவில்லை, சேறு வந்தது. ஒரு தொட்டியின் அடியில் துளையைத் தடவிப் பார்த்து, "ஓட்டைய அடச்சது யாரு?" என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன்.

மாடிப்படிக்குக் கீழே நான் மிச்சம் வைத்திருந்த காய்ந்த வண்டல் ஒரு டின் இருந்தது. தொட்டியிலிருந்து அள்ளிய டின்னைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் தூக்கிப் பாருங்க டீச்சர்."

காய்ந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை தூக்கிவிட்டேன். ஈரமானது தரையை விட்டு எழும்பவில்லை.

"டின்னு ஒண்ணுதான். மண்ணும் ஒண்ணுதான். ஒண்ணரை மடங்கு ஆயிருச்சு. ஓட்டை இருந்தா ஊத்துனதுல பாதி போயிரும். நீங்க போக விடல. இந்த மாதிரி அஞ்சு தொட்டியும், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு டின்னு. எல்லாம் ஓரத்துல."

பிறகு அவர் ஏணியில் ஏறிக் கிழக்கு மூலையை வெகுநேரம் பார்த்தார். இறங்கிவந்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அந்தப் பால்கனியைக் கட்டியவரும் இந்தக் கொத்தனார்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கட்டுகிறபோது நடந்ததை நிதானமாகச் சொன்னார். அறைத் தளத்துக்குக் கம்பி அடியில் கிடக்க வேண்டும்; இப்படி அந்தரத்தில் நீட்டுகிற தளத்துக்குக் கம்பி மேலே கிடக்க வேண்டும், ஏனென்றால் இது மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். அப்படித்தான் அவர் கம்பியைச் சின்னக் கற்கள் வைத்து மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறார். குடையோடு நின்ற வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே கூடத்துத் தளத்துக்குக் கம்பியை அடியில் போட்டவன் இங்கே மட்டும் மேலே போடுகிறானே, கான்கிரீட்டைக் குறைத்து ஊற்றிப் பர்மிட் சிமெண்டைச் சுருட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக் கல்லை எல்லாம் எடுக்கச் சொல்லி, கம்பியைக் கீழே இறக்கவைத்திருக்கிறார்.

இதுதான் அவர் எனக்குச் சொல்ல முடியாமல் விழுங்கிய காரணம். பால்கனியில் விரிசல் கண்டபோது அவர் கொத்தனாரைத் தேடிப்போய் விஷயம் கேட்டிருக்கிறார். கேட்ட பிறகு வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"கம்பி முழுக்கக் கீழ கெடந்திருந்தா இந்தப் பாரத்தோட இத்தனை மாசம் நின்னுருக்காது" என்றார் கொத்தனார். "நீங்க மத்தியானம் சாப்பிடப் போன நேரத்துல ஒண்ணு விட்டு ஒரு கம்பிய மறுபடி மேல தூக்கி வச்சுட்டேன். நீங்க வாரதுக்குள்ள கான்கிரீட்டப் போட்டு மூடிட்டேன். அதச் சொன்னா ஏமாத்திட்டேம்பீங்கன்னு இத்தனை நாளாச் சொல்லல."

வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தன் கையாலேயே கொத்தனாருக்குக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அதைப் பார்க்க எனக்கு வீட்டுக்காரர்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது.

ஆட்கள் மண்ணைக் கொல்லையில் கொட்டிவிட்டு டிரம்களை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் கூடத்தில் அந்த அம்மாளின் முழங்கையில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து எதிரில் நின்றார். அவர் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். பதிலை மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். ஒரு வரியும் நிற்கவில்லை.

"இவளை யாரு வெளிய கொண்டுபோய் வச்சது?" என்றார்.

வேலைக்காரப் பெண் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். நான் மஞ்சள் கையோடு எழுந்தேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். "டீச்சர் வேணாம் வேணாம்னுதான் சொன்னாக. நாந்தான் கேக்கல."

சொல்லும்போதே வருகிற கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார், உட்கார் என்று. நான் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அந்த அம்மாள் இருந்தவரைக்கும் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிப்பவர் போல நெடுநேரம். அவர் நம்பவில்லை; வைத்தது நான்தான் என்று சந்தேகப்பட்டார். அவர் என்னைப் பற்றிக் கொண்டிருந்த அத்தனை சந்தேகத்திலும் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் அவர் துருவிக் கேட்காமலே விட்டுவிட்டார்.